பித்தநாளக் கல்: கல்லை எடுக்காமல் ஸ்டென்ட் மட்டும் வைத்தது ஏன்?

மாலதி

அம்மாவுக்கு 67 வயது. சில வாரங்களாகச் சாப்பிட்ட பிறகு வலப்பக்க விலா எலும்பின் கீழே வலி வந்து போய்க்கொண்டிருந்தது. வாயுத் தொல்லை என்று மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்துவந்தார். ஒரு நாள் மாலை உடம்பு தூக்கிப் போடும் அளவுக்குக் குளிரும் நடுக்கமும் வந்தன. காய்ச்சல் 39.5 டிகிரி. கண்கள் மஞ்சளாக இருந்ததை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தோம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

மருத்துவமனையில் சேர்த்தபோது இரத்த அழுத்தம் 88/50. காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 8.6, அதில் நேரடிப் பிலிருபின் 6.9. வெள்ளணுக்கள் 19,000. இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.8. அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் 12 மி.மீ. விரிந்திருப்பதாக எழுதியிருந்தார்கள், நாளத்துக்குள் கல் இருப்பதாக எழுதவில்லை. அம்மாவுக்கு இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் இருக்கிறது, அதற்காக இரத்தத்தை மெலிதாக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார்.

இரவோடு இரவாக ஈ.ஆர்.சி.பி. செய்தார்கள், அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுப் பித்தநாளத்துக்குள் செய்யும் சிகிச்சை. வெளியே வந்த மருத்துவர், "14 மி.மீ. கல் ஒன்று நாளத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. இப்போதைக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறோம், கல்லைப் பிறகு எடுப்போம்" என்றார். காய்ச்சல் நின்றுவிட்டது, வீட்டுக்கும் வந்துவிட்டோம். ஆனால் என் தம்பி, "கல்லை எடுக்கத்தானே உள்ளே போனார்கள்? எடுக்க முடியாமல் திரும்பி வந்ததை நாசூக்காகச் சொல்கிறார்கள்" என்கிறான். உண்மையிலேயே இது தோல்வியா? கல் உள்ளேயே இருக்கும்போது நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா?

சண்முகம்

சகோதரி, பயப்பட வேண்டாம். எனக்கும் கல்லுக்காக ஸ்டென்ட் வைத்தார்கள். நாளுக்கு 3 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சில வாரங்களில் கல் பொடிப்பொடியாகச் சிறுநீரோடு போய்விட்டது. அம்மாவுக்கும் தண்ணீர் நிறையக் கொடுங்கள்.

எண்டோ செவிலி

சண்முகம் ஐயா, உங்களுக்கு வந்தது சிறுநீரகக் கல். இது பித்தநாளக் கல். இரண்டு குழாய்களுக்கும் தொடர்பே கிடையாது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பித்தநாளத்தில் இருக்கும் 14 மி.மீ. கல் நகராது. மாலதி, அம்மாவின் இதய மருத்துவர் தண்ணீருக்கு அளவு வைத்திருந்தால் அதை மீறவும் கூடாது.

மரு. குடலியல்

நான் இந்தச் சிகிச்சையைச் செய்பவன். உங்கள் தம்பியின் சந்தேகம் இயல்பானது. ஆனால் நீங்கள் தந்திருக்கும் எண்களைப் பார்த்தால் அன்றிரவு செய்தது சரியான காரியம்.

கல் அடைத்ததால் வரும் மஞ்சள் காமாலை மட்டும் என்றால் ஆளைக் கொல்ல அது பல வாரங்கள் எடுக்கும். ஆளை வீழ்த்துவது அடைப்புக்குப் பின்னால் தேங்கும் பித்தத்தில் கிருமி சேர்வதுதான். பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை. பித்தம் வெளியேற வழியில்லாமல் நாளத்துக்குள் அழுத்தம் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் அந்தச் சீழ் கல்லீரல் வழியாக நேரே இரத்தத்தில் கசியத் தொடங்கும். அம்மாவுக்கு வந்த நடுக்கம் அதன் அறிகுறி. வலி, நடுக்கக் காய்ச்சல், மஞ்சள் காமாலை மூன்றும் சேர்ந்து வருவதைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877இலேயே எழுதிவைத்தார். இரத்த அழுத்தம் இறங்குவதும் நினைவு தடுமாறுவதும் அவற்றோடு சேர்ந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நிலை. அம்மாவுக்கு 88/50 என்கிறீர்கள்.

நரம்பில் செலுத்தும் ஆன்டிபயாட்டிக் உடனே தொடங்கியிருப்பார்கள். ஆனால் முழுதாக அடைத்துக்கொண்ட நாளத்தில் அந்த மருந்து போதிய அளவு பித்தத்துக்குள் இறங்காது. ஆகவே அன்றிரவு தேவைப்பட்டது ஒன்றுதான்: அழுத்தத்தை இறக்குவது. கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதன் பக்கவாட்டில் பித்தம் வழிந்தோட ஒரு வழி கிடைத்தால் போதும்.

கல்லை எடுப்பதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, கல்லை வெளியே இழுக்க வேண்டுமானால் நாளத்தின் வாயில் இருக்கும் வளையத் தசையை மின்கத்தியால் வெட்டித் திறக்க வேண்டும். ஐ.என்.ஆர். 1.8, கூடவே குளோபிடோக்ரல். வெட்டிய இடத்தில் இரத்தம் நிற்காமல் போயிருக்கலாம். பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, அதனால்தான் ஐ.என்.ஆர். ஏறியது. வைட்டமின் கே ஊசி போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். குளோபிடோக்ரலின் விளைவு அடங்கவோ 5 முதல் 7 நாள் வேண்டும். இரண்டாவது தடை, 14 மி.மீ. கல்லை உடைத்து எடுப்பது நீண்ட வேலை. இரத்த அழுத்தம் இறங்கிய ஒருவரை அவ்வளவு நேரம் மயக்கத்தில் வைத்திருக்க யாரும் துணிய மாட்டார்கள்.

வேலு

மருத்துவர் அவரது தொழில்காரர்களை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார். என் மாமனாருக்கும் இதே நோய்தான். காமாலை, காய்ச்சல் எல்லாம் இருந்தது. ஒரே தடவையில் உள்ளே போய் வெட்டி, கல்லை எடுத்து, அடுத்த நாளே பேச ஆரம்பித்துவிட்டார். திறமை இருப்பவர்கள் ஒரே தடவையில் முடிக்கிறார்கள். இரண்டு தடவை என்பது இரண்டு பில்லுக்காக. இன்னொன்றும் சொல்கிறேன், பித்தப்பையை எடுத்துவிட்டால் இந்த நாளக் கல் தொல்லையே இருக்காது. முதலில் அதை எடுத்திருக்க வேண்டும்.

மரு. குடலியல்

வேலு, உங்கள் மாமனார் விஷயத்தில் செய்ததும் சரிதான். காய்ச்சல் இருந்தும் இரத்த அழுத்தம் நன்றாக இருந்து, கல் சிறியதாகவும் இருந்து, உறைதலில் குறையும் இல்லாவிட்டால் நானும் ஒரே அமர்வில் முடித்துவிடுவேன். லேசான தொற்றுள்ளவர்களுக்கு அதுவே வழக்கம். அவருடைய ஐ.என்.ஆர். என்ன, கல்லின் அளவு என்ன, இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா? இவை தெரியாமல் இரண்டு நோயாளிகளை ஒப்பிட முடியாது.

பித்தப்பையை முதலில் எடுப்பது பற்றி: இரத்தத்தில் கிருமி கலந்து, அழுத்தம் இறங்கிய நிலையில் வயிற்றில் அறுவை செய்தால் மேசையிலேயே ஆளை இழக்க நேரலாம். பித்தப்பையை எடுத்த பிறகு நாளத்தில் கல் வரவே வராது என்பதும் சரியல்ல. பெரும்பாலான கற்கள் பித்தப்பையிலிருந்து நழுவி வருபவை. அந்த அளவில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நாளத்திலேயே உருவாகும் பழுப்புக் கற்களும் உண்டு. பித்தப்பையை எடுத்துப் பல ஆண்டுகள் கழித்து நாளக் கல்லோடு வருபவர்களை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம்.

வேலு

மாமனார் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை, அது உண்மை. கல் 6 மி.மீ. என்றார்கள். சரி, அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று வீட்டாருக்கு யாரும் சொல்வதில்லை. "ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது" என்ற ஒற்றை வரியோடு அனுப்பினால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

எண்டோ செவிலி

அதில் வேலு சொல்வது நியாயம். அந்த அறையில் பல ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் நடப்பதைச் சொல்கிறேன்.

நோயாளியைக் குப்புறவோ இடப்பக்கம் சாய்த்தோ படுக்கவைப்போம். எக்ஸ்ரே கருவி தலைக்கு மேலே இருக்கும், நாங்கள் எல்லோரும் ஈயக் கவசம் அணிந்திருப்போம். வழக்கமான எண்டோஸ்கோப்பில் கேமரா நுனியில் நேராகப் பார்க்கும். இதற்கென்று உள்ள குழாயில் கேமரா பக்கவாட்டில் இருக்கும், ஏனென்றால் பித்தநாளம் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் பக்கச் சுவரில்தான் திறக்கிறது. அங்கே சின்ன மொட்டுப் போன்ற ஒரு மேடு தெரியும், அதைப் பாப்பில்லா என்போம். கல் கீழே வந்து முட்டிக்கொண்டிருந்தால் அந்த மேடு வீங்கிப் புடைத்திருக்கும்.

அதன் வாய் வழியாக மெல்லிய குழாயையும் கம்பியையும் மேல்நோக்கி, பித்தநாளத்தின் திசையில் நுழைக்க வேண்டும். சிரமமே இங்கேதான். கணையத்தின் குழாயும் அதே வாயில் வந்து சேர்கிறது. கம்பி திரும்பத் திரும்பக் கணையத்துக்குள் போனால் கணையம் கோபித்துக்கொள்ளும். சரியான நாளத்தில் நுழைந்துவிட்டோமா என்பது எக்ஸ்ரேயில் கம்பி கல்லீரலை நோக்கி ஏறுவதில் தெரியும்.

சீழ் பிடித்த நாளம் என்றால் உள்ளே போனதும் முதலில் பித்தத்தை உறிஞ்சி எடுப்போம். சில சமயம் கம்பி கல்லைத் தாண்டிய உடனேயே பாப்பில்லாவிலிருந்து வெள்ளைச் சீழும் கரும்பச்சைப் பித்தமும் திரையில் பீறிட்டு வரும். அதற்கடுத்துத்தான் எக்ஸ்ரே சாயம், அதுவும் மிகக் கொஞ்சமாக. அழுத்தம் ஏற்கெனவே அதிகமாக இருக்கும் இடத்தில் சாயத்தைத் தாராளமாக ஏற்றினால் கிருமியை நாமே இரத்தத்துக்குள் தள்ளியதாகிவிடும். பிறகு அந்தக் கம்பியின் மேலேயே பிளாஸ்டிக் ஸ்டென்டை ஏற்றி, ஒரு முனை கல்லுக்கு மேலேயும் மறு முனை குடலிலும் இருக்கும்படி விட்டுவிட்டு வந்துவிடுவோம். தசையை வெட்டாமலே இதைச் செய்யலாம். அம்மாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

மாலதி

இப்படி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மிக்க நன்றி. டிஸ்சார்ஜ் தாளில் "சீழ் கலந்த பித்தம் வெளியேறியது, வெட்டு போடவில்லை, 7 பிரெஞ்சு இருமுனைச் சுருள் ஸ்டென்ட்" என்று இருக்கிறது. நீங்கள் சொன்னதோடு பொருந்துகிறது.

இன்னொரு கவலை. ஸ்டென்ட் வைத்து இரண்டு வாரம் ஆகப் போகிறது. நேற்றுப் பார்த்தபோது பிலிருபின் 3.4. இன்னும் கண்ணில் மஞ்சள் இருக்கிறது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டதா? காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, சிறுநீர் தெளிவாகப் போகிறது.

மரு. குடலியல்

கடைசியாகச் சொன்னீர்களே, சிறுநீர் தெளிவாகப் போகிறது என்று, பதில் அதிலேயே இருக்கிறது.

அடைப்பு பல நாள் நீடித்தால் நேரடிப் பிலிருபினில் ஒரு பங்கு இரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஆல்புமினின் ஆயுள் வாரக்கணக்கில் இருப்பதால், அடைப்பு நீங்கிய பிறகும் அந்தப் பங்கு மெதுவாகத்தான் குறையும். புரதத்தோடு ஒட்டியிருப்பதால் அது சிறுநீரக வடிகட்டியைத் தாண்டாது. ஆகவே கண் மஞ்சளாக இருக்கும்போதே சிறுநீர் நிறம் தெளிந்துவிடும். மலமும் வெளிறிய நிறத்திலிருந்து பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்கும்.

ஸ்டென்ட் அடைத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். தெளிந்த சிறுநீர் மறுபடி கருக்கும், மலம் வெளிறும், நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். அப்படி வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். முந்தைய எண்கள் இருக்கும் டிஸ்சார்ஜ் தாளும் கையில் இருக்கட்டும்.

கதிர்

ஸ்டென்ட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் அப்பாவுக்கும் இதேபோல வைத்தார்கள். வலி போய்விட்டது, மஞ்சள் போய்விட்டது, அவர் மறந்துவிட்டார். மருத்துவமனையிலிருந்தும் யாரும் நினைவூட்டவில்லை. ஓராண்டுக்கும் மேல் ஆன பிறகு மறுபடி அதே நடுக்கக் காய்ச்சல். போய்ப் பார்த்தால் ஸ்டென்ட் முழுக்கச் சேறு அடைத்து, அதன் மேல்முனையைச் சுற்றியே புதிய கல் வளர்ந்திருந்தது. இழுத்தால் வரவில்லை. முதலில் அதைச் சுற்றியிருந்த கல்லை உடைக்க வேண்டியிருந்தது. மாலதி, தேதியைச் சுவர்க் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மரு. குடலியல்

கதிர் சொல்வது நாங்கள் அஞ்சும் விஷயம். பிளாஸ்டிக் ஸ்டென்டின் உட்துளை மிகக் குறுகல். கிருமிப் படலமும் பித்தச் சேறும் நாளடைவில் அதை அடைத்துவிடும். 3 மாதத்துக்கு மேல் அதை விடக் கூடாது. நன்றாக இருக்கிறார் என்பது ஸ்டென்ட் திறந்திருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. அடைத்த பிறகும் பித்தம் கொஞ்ச காலம் அதன் ஓரமாக வழிந்துகொண்டிருக்கும்.

மாலதி

தேதி கொடுத்துவிட்டார்கள், 6 வாரம் கழித்து. 14 மி.மீ. கல் எப்படி அந்தச் சிறிய வாய் வழியாக வரும் என்பதுதான் இப்போது எனக்குப் புரியவில்லை. குளோபிடோக்ரல் நிறுத்துவதும் பயமாக இருக்கிறது.

எண்டோ செவிலி

முதலில் பழைய ஸ்டென்டைக் கண்ணியால் பிடித்து உருவிவிடுவார்கள். பிறகு பாப்பில்லாவில் கடிகார முள்ளின் 11, 12 மணித் திசையில் மின்கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார்கள். அந்தத் திசையில்தான் நாளம் குடல் சுவருக்குள் ஓடுகிறது. பக்கவாட்டில் போனால் குடல் சுவரே துளைபடும். பெரிய கல்லுக்கு இந்த வெட்டு மட்டும் போதாது. 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரியும் பலூனை வாயில் வைத்து மெதுவாக ஊதி அகலப்படுத்துவார்கள். நாளத்தின் கீழ்ப்பகுதி எவ்வளவு அகலமோ அதைத் தாண்டிப் பலூனை விரிக்க மாட்டார்கள்.

அதன்பின் கம்பிக் கூடையை மடித்த நிலையில் கல்லுக்கு மேலே கொண்டுபோய் விரித்து, கல்லை அதற்குள் விழவைத்து மூடுவோம். வெளியே வராது என்று தெரிந்தால் கூடைக்கு மேலே உலோக உறையை ஏற்றிக் கைப்பிடியைத் திருகுவோம். கல் நொறுங்குவது கையில் தெரியும். திருகும் கைப்பிடி சட்டென்று இளகும். துண்டுகளை இன்னொரு சிறு பலூனால் மேலிருந்து கீழே குடலுக்குள் பெருக்கித் தள்ளுவோம். அவை மலத்தோடு போய்விடும். முடிவில் பலூனால் நாளத்தை அடைத்துச் சாயம் ஏற்றிப் படம் எடுப்போம். நாளம் முழுக்க ஒரே நிழலாகத் தெரிந்தால் காலி என்று பொருள். நடுவில் வெள்ளை ஓட்டை போலத் தெரிந்தால் துண்டு மிச்சம் இருக்கிறது. காற்றுக் குமிழும் அப்படியே தெரியும் என்பதால் படுக்கையைச் சாய்த்துப் பார்ப்போம்; குமிழ் மேலே ஏறும்.

மரு. குடலியல்

குளோபிடோக்ரலை நிறுத்தும் முடிவை நீங்களோ நானோ எடுக்கக் கூடாது. இதய ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதைப் பொறுத்து இதய மருத்துவர் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஆஸ்பிரினைத் தொடரச் சொல்லி, குளோபிடோக்ரலை மட்டும் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தவே கூடாது என்றால் வெட்டாமல் பலூனால் மட்டும் விரிக்கும் வழியும் உண்டு. இரத்தக்கசிவு குறையும், கணைய அழற்சி வரும் வாய்ப்பு கூடும். அதில் எனக்கு முழு மனநிறைவு கிடையாது, ஆனால் சிலருக்கு வேறு வழியில்லை.

சிகிச்சைக்குப் பிந்தைய ஒரு நாளை மட்டும் கவனமாகப் பாருங்கள். முதுகுவரை ஊடுருவும் தொடர்ச்சியான மேல்வயிற்று வலி வந்தால் கணைய அழற்சியா என்று அறிய இரத்தத்தில் லைபேஸ் அளவைப் பார்க்க வேண்டும். நூறு பேரில் ஏறத்தாழ 3 முதல் 10 பேருக்கு இது வரும், பெரும்பாலும் லேசாக. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதைக் குறைக்க ஆசனவாயில் இண்டோமெத்தசின் 100 மி.கி. வைப்பார்கள். கறுத்த மலம் இரத்தக்கசிவைக் காட்டும். அது ஓரிரு வாரம் கழித்தும் வரலாம். குளோபிடோக்ரலை மறுபடி தொடங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

மாலதி

செய்தாயிற்று. இதய மருத்துவர் குளோபிடோக்ரலை நிறுத்த ஒப்புக்கொண்டார், ஆஸ்பிரின் தொடர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கல்லை உடைத்துத்தான் எடுத்தார்கள். அன்றிரவு மேல்வயிற்றில் வலி வந்தது. நான் கேட்ட பிறகு லைபேஸ் பார்த்தார்கள். இயல்பைவிட இரண்டு மடங்குக்கும் குறைவு, அழற்சி இல்லை என்றார்கள். காலையில் வலி அடங்கிவிட்டது. கடைசிப் படத்தில் நாளம் சுத்தம் என்று எழுதியிருக்கிறார்கள், ஸ்டென்டும் இல்லை.

இப்போது பித்தப்பை. அறுவை மருத்துவர் 2 வாரத்துக்குள் லேப்பராஸ்கோப்பில் எடுத்துவிடலாம் என்கிறார். இதய மருத்துவர் மாத்திரையை மறுபடி நிறுத்த வேண்டாம், சில மாதம் போகட்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வேலு

எடுத்துவிடுங்கள். கற்கள் உள்ளே இருக்கும்வரை இன்னொன்று நழுவி விழும்.

மரு. குடலியல்

பொதுவாக நானும் எடுக்கத்தான் சொல்வேன். பித்தப்பையை விட்டுவைத்தால் வலியோ பித்தப்பை அழற்சியோ திரும்ப வரும் வாய்ப்பு கணிசமானது. வாயை அகலமாகத் திறந்துவிட்டதால் இனி நழுவும் சிறு கல் தானே குடலுக்குப் போய்விட வாய்ப்பு உண்டு, ஆனால் பித்தப்பையின் கழுத்தில் சிக்கும் கல்லுக்கு அந்த வாயால் பயனில்லை. மறுபக்கம், இதய ஸ்டென்ட் வைத்து 6 மாதம்கூட ஆகவில்லை என்றால் மாத்திரையை அடுத்தடுத்து நிறுத்துவது மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். ஸ்டென்ட் எப்போது வைத்தார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

மாலதி

7 மாதம் ஆகிறது. மாரடைப்பு வந்து வைத்தது.

மரு. குடலியல்

மாரடைப்புக்குப் பிறகு என்றால் வழக்கமாக 12 மாதம் தொடரச் சொல்வார்கள். ஆகவே இதய மருத்துவரின் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்காமல், ஒருவரோடு ஒருவரைப் பேசவையுங்கள். குளோபிடோக்ரலை நிறுத்தாமலே அறுவை செய்யும் அனுபவம் அந்த அறுவை மருத்துவருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். சிலர் செய்கிறார்கள், சிலர் தொட மாட்டார்கள். தள்ளிப்போடுவதாக முடிவானால், வலியோ காய்ச்சலோ வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கதிர்

என் அப்பாவுக்கு 79 வயது, பித்தப்பையை எடுக்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இதுவரை ஒன்றும் வரவில்லை. வயதானவர்களுக்கு எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மாலதி

இருவரையும் பேசவைக்க நேரம் கேட்டிருக்கிறேன். முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.